அவள் அனுப்பாத ஆறு எண்கள்

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். குழுவைத் தொடங்கியவள் ஃபேக்டரிக்காரி. அவள் ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறாள், கணவன், மாமியாரோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். இரண்டாமவள் கடைக்காரி. ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடியேறும் படிக்கு அடியில், ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். மூன்றாவது நான். வெள்ளானூரில் புதிதாக எழும்பிய குடியிருப்பு ஒன்றில் இருந்துகொண்டு மென்பொருளில் பிழை தேடும் வேலை செய்கிறேன்.

அன்று வீட்டிலிருந்து வேலை. காலை நேரக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது குழுவில் கடைக்காரி ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டாள். கீழே, "இன்னாடி இது? இவ இன்னா கேக்குறா? நெஜமா?"

படத்தில் ஃபேக்டரிக்காரியிடமிருந்து கடைக்காரிக்குத் தனியாக வந்த செய்தி. முதலில் "ஹாய்". அதற்கடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: உன் நம்பருக்கு ஆறு எண் கொண்ட ஒரு கோடு தவறுதலாக வந்திருக்கும், தயவுசெய்து உடனே அனுப்பு, அவசரம். அந்த இரண்டு வரியைச் சுற்றிச் சிவப்பில் தடிமனாக ஒரு வட்டம். கடைக்காரிக்கு அது பழக்கம். வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஜாக்கெட் படங்களில் கழுத்து, கை, பின்பக்க முடிச்சு என்று எது வேண்டுமோ அதைச் சிவப்பில் வட்டமிட்டு, "இதா அக்கா? இத்த மாதிரியா?" என்று திருப்பி அனுப்புவாள். அவள் கைக்கு எந்தப் படம் போனாலும் வட்டத்தோடுதான் வெளியே வரும்.

இந்த மாதிரிச் செய்தி பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அதற்கென்று பாடம் எடுத்துக் கேள்வித்தாளும் கொடுப்பார்கள். ஒருவருடைய கணக்கைப் பிடித்துக்கொண்டவன், அதே கணக்கிலிருந்து அவருடைய நண்பர்களிடம் கோடு கேட்பான். அந்தக் கோடு, நண்பர்களின் எண்ணை அவன் தன்னுடைய போனில் பதிவு செய்ய முயலும்போது அவர்களுக்கு வருவது. கொடுத்தால் அவர்கள் கணக்கும் அவன் கைக்குப் போகும். இவ்வளவும் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்து, இது அவளில்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் ஃபேக்டரிக்காரியின் போன்.

அவள் வேலை பார்க்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் வேலை விட்டு வரும்போது அங்கே நிற்கும் வரிசை அவளுக்கு ஆகாது. அதனால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவாள். குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் இப்படித்தான். வேலைக்குப் போனவரின் போன் வீட்டில் இருக்கும், வீட்டில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்வார். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "அவ ட்யூட்டில இருக்கா, நான் பேசுதேன்" என்று மாமியார் குரல் செய்தி அனுப்புவார். இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் வீட்டில் இருக்கும் நாளில் கணவன் ஆங்கிலத்தில், தந்தி மாதிரி, இரண்டு சொல்லில் பதில் போடுவான். சாயங்காலத்துக்கு மேல்தான் அவள் குரலில் அவளே வருவாள். ஒரே பெயர், ஒரே முகப்புப் படம், உள்ளே மூன்று பேர். பல வருடமாக நாங்கள் அதற்குப் பழகியிருந்தோம்.

ஆகவே என் மனதில் ஓடிய பட்டியல் இப்படி இருந்தது. அவள் எங்களிடம் ஒருநாளும் "ஹாய்" சொன்னதில்லை, சரி. ஆனால் இது அலுவல் நேரம், எழுதியது அவளாக இருக்க முடியாது என்பது முன்பே தெரிந்ததுதான். மாமியார் எழுத மாட்டார், பேசுவார். அப்படியானால் கணவன். குட்டையான ஆங்கிலம், "ப்ளீஸ்", "அர்ஜென்ட்" எல்லாம் அவன் பாணிதான். மனைவியின் தோழியிடம் அவன் கோடு கேட்பானா? கேட்டாலும் கேட்பான், ஏதாவது விண்ணப்பம் போட்டிருப்பான். யார் எழுதினாலும் கோடு தரக்கூடாது. இந்தக் கடைசி வரி மட்டும்தான் உறுதி.

குழுவில் எழுதினேன்: "யாரா இருந்தாலும் கோடு அனுப்பாதே. நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

கடைக்காரி கட்டைவிரலைக் காட்டினாள்.

அதற்கடுத்து, அதே குழுவில், ஃபேக்டரிக்காரியின் பெயரிலிருந்து ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில்: "நான்தான். பிரச்சினை எதுவும் இல்லை."

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் இல்லாத நேரத்தில் அவள் பெயர் "நான்தான்" என்கிறது. மாமியாராக இருந்தால் "நான்தான் அத்தை" என்பார். கணவனாக இருந்தால் "நான் அவள் ஹஸ்பண்ட்" என்று எழுதுவான், ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறான். யாருமே வெறுமனே "நான்தான்" என்று சொன்னதில்லை.

செயலியை விட்டுவிட்டு, சாதாரண அழைப்பாக அவள் எண்ணுக்குப் போட்டேன். இதுவும் பாடத்தில் படித்ததுதான்: சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்காதே, கூப்பிட்டுப் பேசு. மாமியார் எடுத்தார். திருநெல்வேலிப் பக்கம். ஆவடிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சில் ஊர் விடவில்லை.

"சொல்லு தாயி. அவ ட்யூட்டிக்குப் போயிட்டாளே."

"தெரியும் ஆன்ட்டி. காலையில அவ போன்ல இருந்து யாருக்காவது மெசேஜ் போட்டீங்களா? ஏதோ ஒரு கோடு விஷயமா?"

"கோடா? ஆமா, ஆமா. அந்த நம்பர்தான? அது அப்பவே முடிஞ்சிட்டே."

எனக்குப் பெரிய நிம்மதி. மாமியார்தான். அக்கம்பக்கத்தில் யாரையோ எழுதச் சொல்லியிருக்கிறார், அதுதான் ஆங்கிலம். அப்பாடா என்று கூட்டத்துக்குத் திரும்பப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று கேட்டேன்.

"எதுக்கு ஆன்ட்டி அந்தக் கோடு?"

"பார்சலுக்குத்தான். அவ என்னமோ வரவழைச்சிருக்காளாம். ஒரு பையன் கூப்பிட்டான், போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொன்னாத்தான் பார்சல் தருவேன்னான். வந்துச்சு. வாசிச்சுச் சொன்னேன்."

"சொன்னீங்களா? நீங்க யார்கிட்டயும் கோடு கேக்கலையா?"

"நான் ஏன் கேக்கப் போறேன்? அவன் கேட்டான், நான் சொன்னேன்."

"பார்சல் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு! வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன், குளிக்கக்கூடப் போவல."

கடைக்காரியிடம் கோடு கேட்டது மாமியார் இல்லை. மாமியார் கோடு கொடுத்தவர். இரண்டும் ஒரே மாதிரி ஆறு எண், ஒரே காலை. ஒன்று இன்னொன்றின் தலையில் ஏறி உட்கார்ந்து எனக்குச் சற்று நேரம் எது எதுவென்றே பிடிபடவில்லை.

"ஆன்ட்டி, அவ வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்களேன், என்ன வருது?"

"அது காலையில இருந்தே சரியில்லம்மா. என்னமோ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுது. அவ வந்து சரி பண்ணட்டும்னு விட்டுட்டேன்."

அது என்ன எழுதிக் காட்டும் என்று எனக்குத் தெரியும். இந்த எண் இந்தப் போனில் இனிப் பதிவில் இல்லை என்று காட்டும். காலையிலிருந்து ஃபேக்டரிக்காரியின் போன் குவார்ட்டர்ஸில் மாமியாரின் மடியில் இருக்கிறது, அவளுடைய பெயர் வேறு எங்கோ யாரோ ஒருவனின் போனில் இருக்கிறது. அவனுக்கு அவளுடைய பழைய பேச்செல்லாம் போயிருக்காது. ஆனால் அவள் இருக்கிற குழுக்கள் தெரியும், குழுவில் இருக்கிறவர்களின் எண்கள் தெரியும். எங்கள் குழுவில் மொத்தமே மூன்று பேர். என் போனைப் பார்த்தேன். எனக்கும் தனியாக ஒரு "ஹாய்" வந்து திறக்கப்படாமல் கிடந்தது.

கடைக்காரியைக் கூப்பிட்டேன்.

"ஏய், அது அவ இல்லடி. அவ அக்கவுண்ட் போயிருக்கு. கோடு எதுவும் குடுத்துடாதே."

"குடுக்கலடி! நீ சொன்ன பொறவு நான் அந்த மெசேஜ் பக்கமே போவல." குரல் சரியில்லை. "ஆனா இங்க ஒண்ணு ஆயிகீது. என் வாட்ஸ்அப் தொறக்க மாட்டுது."

"என்ன வருது?"

அவள் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மாமியார் கையிலிருந்த போனில் நான் பார்க்காமலே தெரிந்துகொண்ட அதே வாக்கியம்.

"நீ கோடு குடுத்திருக்க."

"எம்மா மேல சத்தியமா குடுக்கல. கோடே நான் பாக்கல. எங்க வந்துச்சு கோடு?"

பொய் சொல்கிறவள் இல்லை அவள். பொய் சொன்னால் சிரித்துவிடுவாள். அவள் சிரிக்கவில்லை.

எது போயிற்று என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அவளுடைய கடையே அந்தப் போனுக்குள்தான் இருந்தது. முன்பு அளவுகளைக் காகிதத்தில் எழுதுவாள். துணி வெட்டும் மேசையில் காகிதம் நிலைக்காது, வெட்டுத் துண்டுகளோடு கூட்டிப் பெருக்கப்பட்டுவிடும். அதனால் ஒவ்வொருவரின் மார்பளவு, கை நீளம், தோள், கழுத்து இறக்கம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தியாக அனுப்பி வைத்திருந்தாள். முகூர்த்த மாதம். நூம்பலிலிருந்து வந்து அளவு கொடுத்துவிட்டுப் போன ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணி, வெட்டாமல் அலமாரியில் இருந்தது. அந்தப் பெண்ணின் அளவும் உள்ளேதான்.

மாமியாரைத் திரும்பக் கூப்பிட்டு, யார் என்ன நம்பர் கேட்டாலும் சொல்ல வேண்டாம், போனை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்கு வந்துவிடுங்கள் என்றேன். மேலாளரிடம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வழி முழுக்க அந்தப் பிழையைத்தான் தேடிக்கொண்டு போனேன். அவள் கோடு அனுப்பவில்லை. கோடு இல்லாமல் எண்ணைப் பதிவு செய்ய முடியாது. ஆகவே கோடு எப்படியோ போயிருக்கிறது. அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருப்பானா? அதற்கு அவள் ஏதாவது எண்ணை அழுத்தியிருக்க வேண்டும். போனில் வேண்டாத செயலி எதையாவது ஏற்றிவிட்டாளா? ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தேன். எதுவும் அவ்வளவு சீக்கிரம் நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை.

கடையில் அவள் மெஷினுக்கு முன்னால் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வா, கம்ப்யூட்டர் படிச்சவளே," என்றாள். "உன் பேச்சக் கேட்டு கோடு குடுக்காம இருந்தேன். குடுத்தவளுக்கு என்ன ஆவுமோ அது எனக்கும் ஆயிகீது. அதுக்குக் குடுத்தே தொலைச்சிருக்கலாம்."

அதற்குள் அவன் வேலையைத் தொடங்கியிருந்தான். ஜாக்கெட் மாடல்கள் போடுவதற்கென்று அவள் வைத்திருந்த வாடிக்கையாளர் குழுவில் இருந்தவர்களுக்கெல்லாம் அவள் பெயரில் தனித்தனியாகச் செய்தி போயிருந்தது. ஆஸ்பத்திரி, அவசரம், கொஞ்சம் பணம் அனுப்புங்கள், சாயங்காலம் தந்துவிடுகிறேன். அதைப் படித்தவர்கள்தான் சாதாரண அழைப்பில் வந்துகொண்டிருந்தார்கள்.

"இல்லக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரி எல்லாம் இல்ல. அது நான் இல்ல. ஆமா, என் போட்டோதான், ஆனா நான் இல்ல. எப்டின்னு எனக்கே தெரிலக்கா."

சேக்காட்டிலிருந்து ஒரு டீச்சரம்மா கூப்பிட்டார். அவர் பணம் அனுப்பவே போயிருக்கிறார். செய்தியில் இருந்த எண்ணைப் போட்டதும் திரையில் வந்த பெயர் யாரோ ஓர் ஆணுடையது. "நீ எப்பம்மா பேரை மாத்துனே?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். கடைக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவள் போனை வாங்கினேன். அவளுடைய எண்ணைத் திரும்பப் பதிவு செய்யத் தொடங்கினேன். சற்றுக் காத்திருக்கச் சொன்னது, காத்திருந்தோம். பிறகு குறுஞ்செய்தியில் புதிய கோடு வந்தது, போட்டேன். அந்த நொடியில் அவன் வெளியே போயிருப்பான், ஒரு எண் ஒரு போனில்தான் முதன்மையாக இருக்க முடியும். ஆனால் எங்களுக்கும் கதவு திறக்கவில்லை. இன்னொரு ஆறு எண் கேட்டது. இது குறுஞ்செய்தியில் வருவதில்லை, கணக்குக்குச் சொந்தக்காரர் தானே வைத்துக்கொள்ளும் இரண்டாவது பூட்டு.

"நீ இந்தப் பின் எப்பவாவது வச்சியா?"

"நீ வைக்கச் சொல்லி சொன்னே. நான் அப்பால வச்சிக்கிறேன்னேன்."

"அவன் வச்சிட்டான்."

அவள் வைக்காத பூட்டை அவன் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவனால் இனி உள்ளே வர முடியாது. ஆனால் அவன் வைத்த பின் தெரியாமல் அந்தப் பூட்டை நீக்க ஏழு நாள் ஆகும். அதுவரை நாங்களும் வெளியில்தான்.

"ஏழு நாளா? கல்யாணம் அதுக்குள்ள முடிஞ்சிரும்டி."

மாமியார் ஆட்டோவில் வந்து இறங்கினார். மருமகளின் போனைக் கைக்குட்டையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து வந்தார். அதிலும் அதே வேலை செய்தேன். அதே கதை, அதே ஏழு நாள். வெட்டும் மேசையில் இரண்டு போன்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"நான் சொன்னதுனாலதான் எல்லாம்," என்றார் மாமியார். "ஆனா இவ யார்ட்டயும் சொல்லலயே. இவளுக்கு ஏன் போச்சு?"

கடைக்காரி என்னைப் பார்த்தாள். "இவதான் இன்னாவோ பண்ணா. குரூப்ல எழுதுனாளே, அப்பதான் போச்சு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு எதுவும் நடக்கவில்லை. செய்தி வந்தது, என்னைக் கேட்டாள், நான் பதில் சொன்னேன், போயிற்று. அவள் இடத்திலிருந்து பார்த்தால் அதுதான் வரிசை. அழைப்புத் திருப்பல் இருக்கிறதா என்று சோதித்தேன், இல்லை. செயலிகளைப் பார்த்தேன், துணிக்கடைகளும் இரண்டு விளையாட்டும்தான். கடைசியில் வேறு வழியில்லாமல், அவள் கேலரியிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து, முதலிலிருந்து படித்தேன்.

என் வேலையே ஸ்கிரீன்ஷாட் பார்ப்பதுதான். பிழை அறிக்கையோடு வரும் படங்களில் யாராவது அம்புக்குறியோ வட்டமோ போட்டிருப்பார்கள். எங்கே போட்டிருக்கிறார்களோ அங்கேதான் கண் போகும். இங்கும் வட்டத்துக்குள்ளேயே இருந்தேன். இந்தத் தடவை வட்டத்தை விட்டு வெளியே வந்தேன். கீழே, தட்டச்சு செய்யும் இடம் காலி. மேலே, பெயர், முகப்புப் படம். அதற்கும் மேலே, படத்தின் உச்சியில், பாதி மறைத்தபடி ஒரு வெள்ளைப் பட்டை. அப்போதுதான் வந்து இறங்கிய குறுஞ்செய்தியின் அறிவிப்பு. உங்கள் வாட்ஸ்அப் கோடு என்று தொடங்கி, மூன்று மூன்றாகப் பிரித்து, ஆறு எண்கள். பக்கத்திலேயே, இதை யாருக்கும் பகிர வேண்டாம் என்ற வாக்கியம்.

அவன் செய்தியை அனுப்பிய கையோடு கோடு வரவும் வைத்திருக்கிறான். அது திரையில் வந்து இறங்கிய நேரமும் அவள் படம் பிடித்த நேரமும் ஒன்றாகிவிட்டன. பட்டை சில நொடிகளில் மேலே போய்விட்டது. அவள் வட்டம் போடுவதில் இருந்தாள். போட்டுவிட்டு எங்கள் குழுவில் போட்டாள். குழுவில் மூன்று பேர்: அவள், நான், ஃபேக்டரிக்காரி. ஃபேக்டரிக்காரி அன்று அவன்.

படத்தைப் பெரிதாக்கி அவளிடம் காட்டினேன். அவள் முதலில் வட்டத்தைத்தான் பார்த்தாள். விரலால் மேலே காட்டினேன்.

அந்த ஆறு எண்ணையும் அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "அவன்கிட்டயே போயி, 'நீ திருடனா?'ன்னு கேட்டு, சாவியையும் கைல குடுத்துகீறேன்," என்றாள்.

"அவன் 'இல்லை'ன்னு பதில் சொல்லியிருக்கான்," என்றேன். அந்த "நான்தான், பிரச்சினை எதுவும் இல்லை" அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்களைச் சமாதானப்படுத்தி, அந்த ஆறு எண்ணைப் போட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் வாங்கியிருக்கிறான்.

மாமியார் படத்தைத் தூரத்தில் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

அதன் பிறகு செய்யவேண்டியதை மூவரும் பங்கு போட்டுக்கொண்டோம். நான் சைபர் குற்றத்துக்கான அரசுத் தளத்தில் புகார் பதிந்து, பணம் அனுப்பச் சொன்ன எண்ணையும், அந்த ஆணின் பெயர் வந்த திரையை டீச்சரம்மா என் எண்ணுக்கு அனுப்பிய படத்தையும் சேர்த்தேன். அந்தப் படத்தை ஏற்றும் முன் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கடைக்காரி ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கூப்பிட்டாள். மாமியார் குவார்ட்டர்ஸில் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தன் போனிலிருந்து குரல் செய்தி அனுப்பினார். அதில், "என் மருமக பேர்ல யாராச்சும் பேசினா அது என் மருமக இல்ல, எங்கிட்ட கேளுங்க" என்று சொன்னார். அது அன்றுமட்டும் இல்லை, எப்போதுமே அப்படித்தான் என்று தோன்றி எனக்குச் சிரிப்பு வந்தது.

வேலை விட்டு வந்த ஃபேக்டரிக்காரி, வீட்டில் கணவன் தூங்க, மாமியாரையும் போனையும் காணாமல், பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள். தலையில் இன்னும் வேலைக்குக் கட்டிய துணி. நாங்கள் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சொன்னோம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இருங்கடி. நான் காலையில இருந்து உள்ள நட்டு டைட் பண்ணிட்டு இருந்தேன். நான் எப்ப இவகிட்ட கோடு கேட்டேன்?"

"நீ கேக்கல. உன் பேர்ல ஒருத்தன் கேட்டான்."

"அத்தையா?"

"நான் இல்லம்மா!" என்றார் மாமியார்.

"அப்ப அவரா?"

"உன் புருஷன் தூங்கிட்டிருக்காரு," என்றாள் கடைக்காரி. "நீ எத்தினி பேரு வச்சிகீற அந்தப் போனுக்குள்ள? நாலாவது ஆளு வந்தப்ப எங்களுக்கு அடையாளம் தெரில."

ஃபேக்டரிக்காரி மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அலமாரியில் இருந்த பட்டுத் துணியைப் பார்த்தாள். அது யாருடையது, ஏன் வெட்டவில்லை என்று கேட்டாள். கடைக்காரி சொன்னாள். அவள் தலைத் துணியை அவிழ்த்து மடியில் வைத்து மடித்தாள்.

மறுநாள் முதல் கடைக்கு ஆட்கள் திரும்ப அளவு கொடுக்க வந்தார்கள். சிலர், அவளுக்கு உண்மையிலேயே ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லையே என்று பார்க்கவும் வந்தார்கள். ஒரு அம்மா, பணம் அனுப்பாததற்கு வருத்தப்படாதே என்று ஒரு டஜன் வாழைப்பழம் கொண்டுவந்தார். இருவர் வரவில்லை. அவளுடைய எண்ணை அவர்கள் தடை செய்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தெரு முழுக்கத் தைக்கிறவர்கள் இருக்கும்போது, போனவர்கள் போனதுதான். அதைப் பற்றி அவள் எங்களிடம் ஒருமுறைதான் சொன்னாள்.

நூம்பல் பெண் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராக வந்தாள். கடைக்காரி டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எண்களைச் சத்தமாகச் சொன்னாள். எழுதிக்கொண்டது ஃபேக்டரிக்காரி. அந்த வாரம் அவள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கடைக்குத்தான் வந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, சுவரில் ஊசியால் குத்தி வைத்தாள். அலமாரிப் பக்கம், வெட்டுத் துண்டுகள் விழாத இடத்தில்.

ஜாக்கெட் கல்யாணத்துக்கு முன்தினம் தயாரானது. போட்டுப் பார்த்த பெண் கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரியாக இருந்தது. கடைக்காரி அவள் போன பிறகுதான் மூச்சு விட்டாள்.

பூட்டு திறந்த நாளில் பழைய பேச்செல்லாம் அப்படியே இருந்தது. நான் இரண்டு போன்களிலும் புதிய பின் வைத்தேன், மீட்புக்கு மின்னஞ்சலும் கொடுத்தேன். கடைக்காரி சுவரில் இருந்த தாள்களையும் போனில் இருந்த அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒருத்திகூடப் பழைய அளவுல இல்லடி. நல்லவேளை, திரும்ப எடுத்தேன். பழசைப் பாத்து வெட்டியிருந்தா எல்லாம் டைட்டு."

அது அந்தத் திருடன் செய்த நன்மையா என்று ஃபேக்டரிக்காரி கேட்டாள். "போடி," என்றாள் கடைக்காரி.

ஃபேக்டரிக்காரி இப்போது போனை வாசல் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போகிறாள். வரிசையில் நிற்கிறாள். பகலில் அவள் பெயரிலிருந்து எதுவும் வருவதில்லை. சில மதியங்களில் மாமியாரின் குரல் இல்லாமல் எனக்கு அந்தக் குழு வெறுமையாகத் தெரிகிறது. அவர் தன் சொந்த எண்ணிலிருந்து எனக்கு எதற்கு அனுப்பப் போகிறார்?

சென்ற வாரம் கடைக்காரி குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய ஜாக்கெட் படம், முதுகில் சிவப்பு வட்டம். "இந்த முடிச்சு நல்லாகீதா, இல்ல பட்டன் வைக்கலாமா?"

நான் படத்தின் உச்சியைத்தான் முதலில் பார்த்தேன். மணி, சிக்னல், ஒரு தவறிய அழைப்பு, பேட்டரி சிவப்பில்.

"சார்ஜ் போடு," என்று எழுதினேன்.

"நான் இன்னா கேக்குறேன், நீ இன்னா சொல்ற?" என்று பதில் வந்தது.

சாயங்காலத்துக்கு மேல் ஃபேக்டரிக்காரி வந்து, பட்டன்தான் நல்லது என்றாள்.